ரெண்டு சுருக்கத்தை ஒட்ட வைத்தால் ஒப்பீடு ஆகிவிடுமா?

இன்றைக்கு மட்டும் பதினோரு தாள். பதினொன்றும் அச்சில் வார்த்தது மாதிரி. முதல் பக்கம் முழுக்கக் குறுந்தொகை, திருப்பினால் முழுக்கப் பாரதி, அடியில் இடம் மிச்சம் இருக்கிறதே என்று மூன்று வரி: "இவ்வாறாக இரு கவிஞர்களும் காதலின் மேன்மையைப் போற்றியுள்ளனர்." போற்றாமல் வேறென்ன, போலீஸில் புகாரா கொடுப்பார்கள்? கேள்வித்தாளில் "ஒப்பிடுக" என்று ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது, அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறார்கள்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில்தான் சாயங்கால டியூஷன். கல்லூரியில் தமிழ் படிக்கிற பிள்ளைகள், அரியர் வைத்தவர்கள் பாதிப்பேர். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடித்து முடிக்கிற இடைவெளியில் நான் கத்திப் பாடம் சொல்ல வேண்டும். அதனால் ஏற்கெனவே தொண்டை போயிருக்கிறது, மிச்சத்தை இந்தத் தாள்கள் வாங்கிவிடும் போல.

நான் ஒரு வேலை செய்வேன், பிள்ளைகளுக்குப் பிடிக்காது. தாளைப் பாரதி தொடங்குகிற இடத்தில் மடித்து, நகத்தால் கீறி, இரண்டாகக் கிழித்துவிடுவேன். மேல் துண்டை ஒருத்தரிடமும் கீழ்த் துண்டை இன்னொருத்தரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். இருவருக்கும் எந்தக் குறையும் தெரியாது, தனித்தனியாக முழுசாகவே இருக்கும். கிழித்த பிறகும் வலிக்காத தாளில் ஒப்பீடு எங்கே இருந்தது? "அதேபோல", "இவரும்", "மேலும்" என்று நடுவில் போடுகிற பசையெல்லாம் கிழிக்கும்போது தானாகக் கழன்றுவிடும்.

போன வாரம் அப்படிக் கிழித்தபோது தண்டையார்பேட்டைப் பையன் ஒருத்தன் கொதித்துவிட்டான். "இன்னாக்கா, ரெண்டும் லவ் பாட்டுதானே, அதுல இன்னா பெருசா ஒப்பிடச் சொல்ற?"

அவன் கேட்டதில்தான் கோளாறே இருக்கிறது. "காதல்" என்பது ஒப்பீட்டுக்குத் தலைப்பே ஆகாது. அத்தனை அகலமான பாயில் எந்த இரண்டு பாட்டைப் போட்டாலும் படுத்துக்கொள்ளும், ஒன்றன்மேல் ஒன்று உரசவே உரசாது. இரண்டு பாட்டும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிய ஒரு கேள்வி வேண்டும், அது குறுகலாகவும் இருக்க வேண்டும். அந்தக் கேள்வி நோட்ஸில் கிடைக்காது. இரண்டு பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்தால்தான் கிடைக்கும்.

சரி, பார்ப்போம். குறுந்தொகை நாற்பதாவது பாட்டு, ஐந்தே அடி:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சந் தாங்கலந் தனவே

என் தாயும் உன் தாயும் யார் யாரோ, என் அப்பாவும் உன் அப்பாவும் எந்த வகையில் உறவு, நானும் நீயும் எப்படி அறிமுகம், இருந்தும் செம்மண்ணில் பெய்த மழைநீர் மாதிரி நெஞ்சு கலந்துவிட்டது. எழுதியவர் பெயர் தெரியாமல் போய், அந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வைத்துவிட்டார்கள்.

அடுத்தது பாரதி, கண்ணன் பாட்டில் "கண்ணம்மா - என் காதலி" வரிசையில் "பாயும் ஒளி நீ எனக்கு, பார்க்கும் விழி நான் உனக்கு" என்று தொடங்குகிற பாட்டு. நூல் அச்சேறியது 1917. எட்டு சரணம், சரணத்துக்கு இரண்டு ஜோடி. வீணையடி நீ எனக்கு, மேவும் விரல் நான் உனக்கு. அப்புறம் எனக்கு வேண்டிய வரி இது:

வான மழை நீ எனக்கு, வண்ண மயில் நான் உனக்கு;
பானமடி நீ எனக்கு, பாண்டமடி நான் உனக்கு

மழை! அங்கேயும் மழை, இங்கேயும் மழை. பதினோரு தாளில் ஒருத்தராவது இதைக் கவனித்திருக்க வேண்டாமா? "இரு பாடல்களிலும் இயற்கை வருணனை சிறப்பாக அமைந்துள்ளது" என்று எழுதத் தெரிகிறது, அந்த இயற்கை இரண்டிலும் ஒரே மழை என்பது கண்ணில் படவில்லை.

மாடியில் ரோஜாத் தொட்டிக்கு வாங்கிய செம்மண் பாதி மூட்டை கிடந்தது. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் பிடித்து ஒரு பிடி மண்ணைப் போட்டுக் கலக்கினேன். நம்ம பக்கம் மழை பெய்தால் தெருவில் கறுப்பாகத்தானே ஓடுகிறது, செம்புலமாவது பெயல்நீராவது, அதனால் கண்ணால் காட்டிவிடலாம் என்று. தண்ணீர் செங்கல் நிறமானது. "இதில் எது மண், எது தண்ணீர், பிரித்துக் காட்டு" என்றேன். அந்தத் தண்டையார்பேட்டைக்காரன் சும்மா இருப்பானா, "கொஞ்ச நேரம் வுட்டா மண்ணு அடில தங்கிடும்க்கா" என்றான். விட்டோம். மண் தங்கத்தான் செய்தது, ஆனால் இருட்டுகிற வரைக்கும் மேல்தண்ணீரின் சிவப்பு போகவில்லை, மண்ணும் பழைய பொலபொல மண்ணாக இல்லை. அதுதான் அந்த உவமையின் வேலை. தண்ணீருக்கென்று நிறம் இல்லை, விழுந்த இடத்தின் நிறத்தை எடுத்துக்கொள்கிறது. பழையபடி ஆக்க வழியில்லை.

"இப்போ டம்ளரைப் பார்" என்றேன். அதே தண்ணீர்தான், டம்ளருக்குள்தான் இவ்வளவு நேரமும் இருக்கிறது. டம்ளர் சிவந்ததா? பானம், பாண்டம். பாண்டம் இல்லாவிட்டால் பானம் தரையில் ஓடிவிடும், பானம் இல்லாவிட்டால் பாண்டம் வெறும் தகரம், ஆனால் ஒன்று இன்னொன்றில் கரையாது. மழையும் மயிலும் அப்படித்தான். மழை வருகிறது, மயில் ஆடுகிறது, ஆடுகிற மயில் மயிலாகவே இருக்கிறது. செம்மண்ணில் விழுந்த மழை மண்ணோடு போய்விட்டது, மயில்மேல் விழுந்த மழை ஆட்டமாக வெளியே வந்தது.

கேள்வி கிடைத்துவிட்டதா இல்லையா? இரண்டு பேர் சேர்வது என்றால் கரைந்து ஒன்றாவதா, இரண்டாகவே நின்று ஒருவரை ஒருவர் நிறைப்பதா? இதற்கு ஒரு பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு பதில் எழுத முடியாது. எழுதுகிற ஒவ்வொரு வாக்கியத்திலும் மற்ற பாட்டு வந்து தோளில் கை போடும்.

அதற்குப் பிறகு இலக்கணம் வரைக்கும் போகலாம். சங்கப் பாட்டில் முதல் மூன்று அடியிலும் ஜோடி ஜோடியாக ஆட்கள், யாயும் ஞாயும், எந்தையும் நுந்தையும், யானும் நீயும். உவமை வந்ததும் அத்தனை பேரும் காணாமல் போகிறார்கள், கடைசி அடியில் "என்", "உன்" எதுவும் இல்லை, "நெஞ்சம் தாம்" மட்டும். பாரதியிடம் "நீ எனக்கு, நான் உனக்கு" என்பது ஒரு சரணத்தில்கூட விடுபடுவதில்லை. வினையைப் பாருங்கள், அங்கே "கலந்தன", இறந்தகாலம், முடிந்துபோன காரியம். யார் எப்போது சொன்னது என்று பாட்டோடு வருகிற கூற்றுக் குறிப்பையும் சேர்த்துப் படித்தால் ஏன் அப்படி என்று புரியும்: இவன் நம்மைப் பிரிந்துவிடுவானோ என்று பயந்த தலைவியின் முகம் மாறியதைக் கண்டு தலைவன் சொல்வது. பயந்தவளுக்கு "கலப்போம்" என்றால் போதாது, கலந்தாயிற்று என்றால்தான் ஆறுதல். பாரதியின் ஜோடிகளில் வினைமுற்றே கிடையாது, ஒளி நீ, விழி நான், அவ்வளவுதான், அங்கே பயந்தவர் யாரும் இல்லை. அதனால்தான் ஒன்று ஐந்து அடியில் நின்றுவிடுகிறது, மற்றது நிற்கவே மாட்டேன் என்கிறது. கலந்த பிறகு சொல்ல என்ன இருக்கிறது? இரண்டாக நிற்கிறவர்களுக்குப் புதுப்புது ஜோடி கிடைத்துக்கொண்டே இருக்கும்.

நூற்றாண்டு எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். நம் பிள்ளைகள் அதை முதல் பத்தியிலேயே கொட்டிவிடுவார்கள், "சங்ககாலம் பொற்காலம், பாரதி விடுதலைக் கவி", அதோடு தலைமுழுகிவிடுவார்கள். பாட்டில் கண்ணால் பார்த்த ஒரு வேறுபாட்டுக்குக் காரணம் கேட்கிற இடத்தில்தான் காலத்தைக் கூப்பிட வேண்டும். பாரதி ஒவ்வொரு சரணத்தையும் "கண்ணம்மா" என்று பெயர் சொல்லி முடிக்கிறார். குறுந்தொகைத் தலைவன் அப்படிக் கூப்பிட முடியாது, அகத்திணையில் "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்பது தொல்காப்பியம். நடுவில் ஆழ்வார்கள் வந்து, கடவுளைப் பெயர் சொல்லிக் காதலிக்கிற பழக்கத்தைத் தமிழில் ஊன்றிவிட்டார்கள். கண்ணம்மா வெறும் பெண் இல்லை, பெண்ணாகப் பார்த்த கண்ணன். பக்தனுக்கும் தெய்வத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தால்தானே பாட முடியும், "நீ எனக்கு, நான் உனக்கு" கடைசிவரை இரண்டாக நிற்பதற்கு இது ஒரு காரணம் என்று நான் சொல்வேன். இப்படி எழுதினால் நூற்றாண்டு வேலை செய்கிறது.

தாக்கம் என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். குறுந்தொகை முதன்முதலில் அச்சில் வந்ததே 1915இல், சௌரிப்பெருமாள் அரங்கனார் பதிப்பு. இரண்டு வருஷம் கழித்துக் கண்ணன் பாட்டு. இதை வைத்துக்கொண்டு "பாரதி சங்கப் பாடலின் தாக்கத்தால்" என்று ஒரு அம்மணி எழுதியிருந்தாள், அத்தாட்சி எங்கேம்மா?

இன்னொன்று, நம் வாதத்துக்கு இடிக்கிற வரியை ஒளிக்கக் கூடாது. "வீசு கமழ் நீ எனக்கு, விரியும் மலர் நான் உனக்கு" என்கிறார் பாரதி. மணத்தையும் பூவையும் டம்ளரும் தண்ணீரும் மாதிரிப் பிரிக்க முடியுமா? இங்கே அவர் செம்புலத்துக்குக் கிட்டத்தில் வந்துவிடுகிறார். அதையும் எழுதினால் ஒப்பீடு இன்னும் கெட்டியாகும், அந்த மணத்துக்குக்கூட அவர் "எனக்கு", "உனக்கு" என்று பங்கு பிரிக்கிறார் பாருங்கள்.

தண்டையார்பேட்டைப் பையன் உட்கார்ந்து திருப்பி எழுதினான். முதல் வாக்கியமே இப்படி: "செம்புலத்தில் விழுந்த மழை தன் நிறத்தை இழக்கிறது, பாரதியின் மழைக்கு ஆடும் மயில் தன் நிறத்தைக் காட்டுகிறது." நான் சொல்லிக்கொடுத்தது இல்லை சார், அவனே எழுதினான். மடித்துப் பார்த்தேன், கிழிக்க இடமில்லை.

அதைக் கல்லூரியில் கொடுத்தான். நேற்றுத் திரும்பி வந்தது. பத்துக்கு நான்கு. ஓரத்தில் சிவப்பு மையில், "நூல் அறிமுகம் இல்லை. இரு பாடல்களின் கருத்தையும் தனித்தனியே எழுதவும்."