வழி கேட்டேன், பதிலும் சொன்னாங்க, அதான்யா பிரச்சினையே

"வாயிருந்தா வழி கேட்டுப் போயிடலாமேடா, இதுக்கா இவ்ளோ அலப்பறை?" பாரிஸ்ல நான் வழி தெரியாம அலைஞ்ச கதையைச் சொன்னதுக்கு, இன்னைக்குக் காலையில முத்தியால்பேட்டை டீக்கடையில நாலு பேர் முன்னாடி எங்க பெரியப்பா கேட்ட கேள்வி இது. அதோட விட்டாரா? "பாண்டிச்சேரியில பொறந்துட்டு பாரிஸ்ல வழி கேக்கத் தெரியலைன்னா, வெளிய சொல்லாத." பக்கத்துல இருந்த எல்லாரும் சிரிக்கிறானுங்க. டீ மாஸ்டர் உட்பட.

கேட்டேன் பெரியப்பா. நல்லா, அழகா, இலக்கணம் தப்பாம கேட்டேன். கேக்காம இருந்திருந்தா கால் மணி நேரத்துல போய்ச் சேந்திருப்பேன்.

முதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிக்குவோம். பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை ஒப்படைச்சுட்டுக் கிளம்பினது 1954 நவம்பர் 1. எங்கப்பாவே அப்போ பொறக்கலை. பிரெஞ்சுப் பட்டாளத்துல வேலை பாத்த சொல்தா வீட்டுக் கிழவர்கள் திண்ணையில உக்காந்து பேசுற பிரெஞ்சு காத்து வழியா பரவி எனக்குத் தொத்திக்கும்னு எவன் சொன்னது? நீல போர்டுல தெருவுக்கு 'ரூ'ன்னு எழுதியிருக்கிறதை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்ளோதான் எங்க பரம்பரைச் சொத்து.

அதான் போறதுக்கு முன்னாடி பேச்சு பிரெஞ்சு கிளாஸ் சேந்தேன். அங்க என்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னா, கேள்வி. வெறும் கேள்வி. "பூர் அலே ஆ லா ஷாப்பெல், சில்வூப்ளே?" நான் தங்கப் போற லா ஷாப்பெல்ங்கிற ஏரியாவுக்கு எப்படிப் போறதுன்னு கேக்குறதுக்கு இது. கண்ணாடி முன்னாடி நின்னு, மூக்கால பேசிப் பேசி, அப்படியே உள்ளூர்க்காரன் மாதிரி ஆக்கிட்டேன். இதுல இருக்கிற வில்லங்கத்தை அந்த கிளாஸ்ல ஒருத்தரும் சொல்லலை. கேள்வியை அவ்ளோ சுத்தமா கேட்டா, எதிர்ல இருக்கிறவங்க நமக்கு மொழி தெரியும்னு முடிவு பண்ணி, பதிலை அவங்க தம்பிக்குச் சொல்ற வேகத்துல சொல்லுவாங்க. தப்புத் தப்பா, திக்கித் திணறிக் கேட்டுப் பாருங்க, பதிலும் நிதானமா வரும். நான் காசு கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கேன்.

கார் து நோர் ஸ்டேஷன். கையில பெட்டி, ஃபோன்ல நெட் இல்லை. தங்குற இடம் லா ஷாப்பெல் பக்கம் ஃபொபூர் சேன் தெனி தெருவுல, 190-ஐ ஒட்டி ஒரு எண். ஸ்டேஷன்ல இருந்து நடக்குற தூரம்தான். வாசல்ல ஒரு அம்மா வந்தாங்க. நான் போய் "எக்ஸ்கியூசே முவா..."ன்னு ஆரம்பிச்சேன். நின்னாங்க. மேலும் கீழும் பாத்தாங்க. "போன்ஜூர்"னாங்க. அவ்ளோதான். அடுத்து ஒண்ணும் பேசலை. அது எனக்கு வச்ச வணக்கம் இல்லைங்க, குட்டு. அந்த ஊர்ல போன்ஜூர் சொல்லாம எதைக் கேட்டாலும், செருப்போட பூஜை ரூமுக்குள்ள போன மாதிரி. நான் போன்ஜூர் சொன்னதுக்கு அப்புறம்தான் கேள்வியே செல்லுபடியாச்சு.

அடுத்து வந்துச்சு பாருங்க பதில். "அலோர், வூ சொர்த்தே லா, வூ ப்ரெனே ஆ கோஷ், ஆன்கோர் ஆ கோஷ், ஏ அப்ரே சே து த்ருவா, துஜூர் து த்ருவா!" ஒரே மூச்சு. இதுல ஆ கோஷ்னா இடது பக்கம், அது எனக்குப் பிடிபட்டுச்சு. வெளிய போய் இடது, மறுபடியும் இடது. சரி. கடைசியில வந்த த்ருவா? இங்கதான் அந்த நாட்டுக்காரங்க மனுசனைக் கொல்றதுக்குன்னே ஒண்ணு வச்சிருக்காங்க. நேரா போறதுக்கு 'து த்ருவா'. வலது பக்கம் திரும்புறதுக்கு 'ஆ த்ருவாத்'. வித்தியாசம் என்ன? முன்னாடி ஒரு துணுக்கு, கடைசியில ஒரு 'த்'. அந்தத் 'த்' ரயில் சத்தத்துல, பெட்டிச் சக்கரச் சத்தத்துல, அவங்க அவசரத்துல எங்க கேக்கும்? அம்மாவுக்கு ரெண்டு கையிலயும் பை. கை காட்டவும் வழியில்லை. எனக்கு விழுந்தது 'த்ருவா'. ரெண்டு வாட்டி விழுந்துச்சு. கடைசியா சிரிச்சுக்கிட்டே "தவற விடவே முடியாது"ங்கிற மாதிரி ஏதோ சொல்லிட்டுப் போனாங்க. ஏம்மா, உங்களுக்கு முடியாது. எனக்கு நல்லாவே முடியும்.

அப்புறம்தான் ஒரு பிரெஞ்சு வாத்தியாரம்மா சொன்னாங்க, கடைசி 'த்'துக்காகக் காதைத் தீட்டக் கூடாதாம், தலைப்பைப் பிடிக்கணுமாம். 'து'ன்னு ஆரம்பிச்சா நேரா, 'ஆ'ன்னு ஆரம்பிச்சா திரும்பணும். இந்த ஒரு வரியை அந்தக் கிளாஸ்ல முதல் நாளே சொல்லியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? பழம் பேரெல்லாம் மனப்பாடம் பண்ண வச்சாங்களே, அந்த நேரத்துல!

இடது, இடது, அப்புறம் வலது திரும்பினேன். நடக்குறேன். பாத்தா ஒரு பாலம். கீழ தண்டவாளமா ஓடுது, இன்னொரு ஸ்டேஷனோடது, கார் து லெஸ்ட். எதிர்ல ஒரு பெரியவர் வந்தாரு. ரொம்ப நல்ல மனுசன். நின்னு, பொறுமையா, ஒவ்வொரு சொல்லா சொன்னாரு. வந்த வழியே திரும்பிப் போ, 'ஓ ஃபே', அதாவது சிக்னல்கிட்ட, 'ஆ த்ருவாத்'. அந்தத் 'த்' மணி மாதிரி கேட்டுச்சு! (ஃபேன்னா நெருப்புன்னு கிளாஸ்ல படிச்சவன் நான். நல்லவேளை, சிக்னலைக் காட்டினாரு, இல்லைன்னா எங்கயாவது தீப்பிடிக்கிற வரைக்கும் நடந்திருப்பேன்.) வாய் வலதுங்குது. கை எங்க காட்டுதுன்னா, எனக்கு இடது பக்கம்.

இதை நல்லா கவனிங்க. அவரு எனக்கு எதிர்ல, என் முகத்தைப் பாத்து நிக்கிறாரு. அவரோட வலது எனக்கு இடது. நான் திரும்பி நடக்க ஆரம்பிச்சா அதுவே எனக்கு வலது ஆயிடும். வாயும் சரி, கையும் சரி. நடுவுல பெட்டியோட நிக்கிறவன் தலைதான் சரியில்லாம போகுது. வழி சொல்றவங்க கேக்குறவன் பக்கத்துல வந்து, அவன் பாக்குற திசையைப் பாத்து நின்னு சொன்னா என்னவாம்? நாமளே போய் அவங்க தோளோட தோளா நிக்கணுமாம். அந்த ஊர்ல முன்பின் தெரியாத பெரியவர்கிட்ட போய்த் தோளை உரசுங்க பாப்போம்.

கையை நம்பினேன். சிக்னல்ல இடது திரும்பினேன். வீட்டு எண்கள் குறைய ஆரம்பிச்சுது. எனக்கு வேண்டியது 190 பக்கம், இது இறங்கிக்கிட்டே போகுது. இதுவும் ஒருத்தரும் சொல்லித் தராத விஷயம். பாரிஸ்ல 1805-லயே ஒழுங்குமுறை பண்ணி வச்சிருக்காங்க. சேன் ஆத்தை விட்டு விலகிப் போற தெருவுல ஆத்துப் பக்கம் 1, தள்ளிப் போகப் போக எண் ஏறும். எண் ஏறுற பக்கம் பாத்து நடந்தா இடது கை ஓரம் ஒற்றைப்படை, வலது கை ஓரம் இரட்டைப்படை. எண் இறங்கினா நீங்க ஆத்தைப் பாத்து நடக்குறீங்க, அவ்ளோதான். எந்த மனுசனையும் நிறுத்த வேண்டாம், போன்ஜூர் வேண்டாம், 'த்' வேண்டாம். சுவத்துல தகடு அடிச்சு வச்சிருக்கான், அது முணுமுணுக்காது, வேகமா பேசாது.

நம்ம ஊர்ல எப்படி? "கடலைப் பாத்துப் போ, வாய்க்கால் தாண்டாத, ரெண்டு தெரு தள்ளி தெற்கால." முடிஞ்சுது. தெருவெல்லாம் ஸ்கேல் வச்சுக் கிழிச்ச மாதிரி நேரா கிடக்கு, திசை தெரிஞ்சா போதும். பாரிஸ்ல அஞ்சு தெரு ஒரே முனையில வந்து முட்டுது. அங்க நின்னுக்கிட்டு நேரா போன்னா, எந்த நேரு?

திரும்பி வடக்கால நடந்தேன். உறுதிப்படுத்திக்க ஒரு காலேஜ் பொண்ணை நிறுத்தினேன். இந்த வாட்டி கிளாஸ்ல படிச்ச கேள்வியைத் தொடவே இல்லை. போன்ஜூர் சொன்னேன், போற திசையைக் கையால காட்டினேன், "லா ஷாப்பெல், து த்ருவா?" அவ்ளோதான். "வுவாலா!"ன்னு ஒத்தைச் சொல் வந்துச்சு. வுவாலான்னா சரி. தப்பா இருந்தா "நோன் நோன்"னு ரெண்டு வாட்டி சொல்லுவாங்க. எல்லாத்தையும் சொல்லச் சொல்லிக் கேக்கக் கூடாதுங்க. அடுத்த திருப்பம் ஒண்ணை மட்டும் நாமளே சொல்லி, ஆமா இல்லைன்னு மட்டும் வாங்கணும். அந்த அலோர், தோன்க், ஆன் ஃபேத் எல்லாம் நம்ம 'வந்து', 'அதாவது' மாதிரி வெறும் இழுவை. பதில்ல பாதி அதுதான். அதையும் புரிஞ்சுக்கணும்னு நான் மூளையைக் கசக்கிக்கிட்டு நின்னிருக்கேன்.

கொஞ்ச தூரம் போனா, ஐயோ, தமிழ் போர்டு! புடவைக் கடை, மளிகைக் கடை, முருங்கைக்காய். ஒரு கடை வாசல்ல இருந்த ஈழத்து அண்ணன்கிட்ட தமிழ்ல கேட்டேன். "உந்தச் சிக்னலடியிலை சோத்துக்கைப் பக்கம் பாருங்கோ, மூண்டாவது கதவு." கண்ணுல தண்ணி வராத குறை. எவ்ளோ அழகான பதில்! நேரு, வலது, குழப்பம் ஒண்ணும் இல்லை, சோறு திங்கிற கை. கும்பிட்டு நகரப் போறேன், அண்ணன் பெட்டியைப் பாத்தாரு.

"எந்த ஊர்?"

"பாண்டிச்சேரிங்க."

"ஓ, பாண்டிச்சேரியோ! அப்ப உங்களுக்குப் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடா இருக்குமே, பிறகேன் என்னட்டைக் கேக்கிறியள்?"

சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியாம "போன்ஜூர்"னு சொல்லிட்டு வந்துட்டேன் பெரியப்பா.