அறுபத்து நாலு சதவீதம்... யாருல?

முந்தாநாள் இணையத்துல சுத்துன அந்த சிசேரியன் படத்தை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீங்க. ரெண்டு பட்டை, தனியாருக்கு சிவப்பு, அரசுக்கு பச்சை. கீழே தலைப்பு: "தமிழகத்தில் 64% பெண்களுக்கு சிசேரியன்! தனியாருக்குப் போனால் கத்தி நிச்சயம்!" நான் போய் ஒரே ஒரு கமென்ட் போட்டேன். "எண் சரி, வாக்கியம் தப்பு, மாத்துங்க"ன்னு. அதுக்கு வந்த பதில்ல பாதியை இங்க எழுத முடியாது. மீதிப் பாதி, "எந்த ஆஸ்பத்திரி எவ்வளவு குடுத்துச்சு மேடம்?"

யாரும் எதுவும் குடுக்கல. குடுத்திருந்தா வீட்டு லோனை அடைச்சிருப்பேன்.

விஷயத்துக்கு வர்றேன். அந்த எண் வந்தது தேசியக் குடும்ப நல ஆய்வோட ஐந்தாவது சுற்று, 2019-21. வீடு வீடாப் போய் 15 முதல் 49 வயசுப் பெண்கள்கிட்ட, முந்தின ஐந்து வருஷத்துல பிறந்த குழந்தைகள் எங்க, எப்படிப் பிறந்தாங்கன்னு கேட்டு எடுத்தது. தமிழ்நாட்டுக்கு அது சொல்றது மூணு எண். தனியார்ல நடந்த பிரசவங்கள்ல சிசேரியன் 63.8%. அரசுல நடந்ததுல 36.0%. எல்லாப் பிரசவத்தையும் சேர்த்தா 44.9%.

படம் போட்டவர் மூணாவதைக் காணாமப் பண்ணிட்டு, முதலாவதைத் தூக்கி "தமிழகப் பெண்கள்" தலையில வெச்சிட்டார். 64 என்பது தமிழகப் பெண்கள்ல 64 இல்லைங்க. தனியார்ல பிறந்த ஒவ்வொரு நூறு குழந்தைக்கு 64. நூறுன்னா எந்த நூறு? அதைத்தான் கேட்டேன். அதை மட்டும்தான் கேட்டேன்.

"இதெல்லாம் சின்ன வார்த்தை விளையாட்டு"ன்னு ஒருத்தர். சரி, விளையாடிப் பார்ப்போம். 36-ஐயும் 63.8-ஐயும் கலந்தா 44.9 வரணும்னா, நூறு பிரசவத்துல சுமார் 32 தனியார்லயும் 68 அரசுலயும் நடந்திருக்கணும். 32-ல 63.8% போட்டா ஏறக்குறைய 20 சிசேரியன். 68-ல 36% போட்டா 24-க்கு மேல. புரியுதா? தமிழ்நாட்டுல நடந்த சிசேரியன்கள்ல பாதிக்கும் கொஞ்சம் அதிகமா நடந்தது அரசு மருத்துவமனையில. ஏன்னா பிரசவமே அங்கதான் ரெண்டு மடங்கு அதிகம். அந்தச் சிவப்புப் பட்டையும் அந்தத் தலைப்பும் சேர்ந்து, படிக்கிறவங்க மனசுல நேர் எதிரான படத்தை வரைஞ்சிட்டுப் போயிடுச்சு. இதுதான் உங்க சின்ன வார்த்தை.

உடனே அடுத்த கூட்டம்: "ஓ, அப்ப அரசு ஆஸ்பத்திரியைக் குறை சொல்றீங்க." ஐயா, நான் பிறந்ததே அரசு ஆஸ்பத்திரியில.

எங்க அக்காவுக்கு ரெண்டாவது பிரசவம். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரி வலி வந்து, பி.பி. ஏறிடுச்சுன்னு நர்ஸ் அம்மா 108-ஐ வரவழைச்சு ஏத்திவிட்டாங்க. தாலுக்கா ஆஸ்பத்திரியில பார்த்துட்டு, அங்கிருந்து மெடிக்கல் காலேஜ். விடியுற நேரத்துல அங்க ஆபரேஷன். அக்காவும் நல்லாயிருக்கா, குழந்தை இப்ப ஸ்கூல் போகுது. இந்த மாதிரிப் பிரசவம் ஆய்வுக்கு வந்தா அரசுக் கணக்குலதான் விழும். கடைசி நேரத்துல தனியார்ல இருந்து அரசுக்கு அனுப்பி வைக்கிறதும் உண்டு, அதுவும் அரசுக் கணக்குதான். அந்தப் பக்கம் பார்த்தா, முதல் பிரசவம் சிசேரியன் ஆனவங்க, குழந்தையில்லாம பல வருஷம் சிகிச்சை எடுத்தவங்கன்னு தனியாருக்குப் போறவங்களும் இருக்காங்க. ரெண்டு பட்டைக்குக் கீழேயும் இருக்கிற பெண்கள் ஒரே மாதிரிப் பெண்கள் இல்ல. அப்படியிருக்க "போனால் நிச்சயம்"னு எப்படி எழுதுவீங்க? போனதாலயா, போனவங்க அப்படிப்பட்டவங்கன்னாலயா? பட்டைக்கு அது தெரியாது. பட்டை போட்டவருக்குத் தெரிஞ்சிருக்கு போல.

"காசுக்காகக் கிழிக்கிறதே இல்லைன்னு சொல்றீங்களா?" சொல்லல. 28 புள்ளி இடைவெளி. அதை மேல சொன்ன காரணங்களே முழுசா நிரப்பிடும்னு நானும் நம்பல. பில்லைப் பார்த்தவ நான். ஆனா அதை நிரூபிக்கணும்னா முதல் பிரசவமா, முன்னாடி ஆபரேஷன் ஆனவங்களா, குழந்தை தலை மேலயும் கால் கீழயுமா இருக்கான்னு பிரிச்சு, ஒரே வகையை ஒரே வகையோட ஒப்பிடணும். ராப்சன் வகைப்பாடுன்னு பத்துப் பிரிவு இருக்கு, உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்குது. சந்தேகப்படுங்க, நானும் சேர்ந்து படுறேன். சந்தேகத்தைப் படத்துக்குக் கீழே தீர்ப்பா எழுதாதீங்க.

உலக சுகாதார நிறுவனம் 10-15%தான் சொல்லுதுன்னு கொண்டு வந்தவருக்கும் ஒரு வரி. அது ஒரு நாட்டோட, ஒரு மக்கள்தொகையோட மொத்த விகிதத்தைப் பத்தின பேச்சு. தனி ஆஸ்பத்திரியை அளக்குற அளவுகோல் இல்ல. வேணும்னா 44.9-ஓட வெச்சுப் பேசுங்க, அதுவே கவலைப்பட வேண்டிய எண்தான். முந்தின சுற்றுல, அதாவது 2015-16-ல, அது 34.1. தனியார் 51.3-ல இருந்து ஏறியிருக்கு, அரசும் 26.3-ல இருந்து 36-க்கு ஏறியிருக்கு. ரெண்டும் ஏறுது. அதைப் பத்தி ஒரு படம் போட்டிருந்தா நானே பகிர்ந்திருப்பேன்.

நான் கேட்டது இவ்வளவுதான், தலைப்பை இப்படி மாத்துங்க: "தமிழ்நாட்டில் 2019-21 ஆய்வுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் நடந்த பிரசவங்களில் சிசேரியன்: தனியாரில் நடந்தவற்றில் 63.8%, அரசில் நடந்தவற்றில் 36.0%, மொத்தத்தில் 44.9%." யார், எங்க, எப்போ, நூறுல எந்த நூறு, எல்லாம் இருக்கு. "இவ்வளவு நீளமா எவன் படிப்பான்"னு கேட்டாங்க. என்னைத் திட்டி எழுதின கமென்ட் இதைவிட மூணு மடங்கு நீளம், அதை மட்டும் இருநூறு பேர் படிச்சு சிரிச்சிருக்காங்க.

இவ்வளவு கோபம் எதுக்குன்னு வீட்டுக்காரரே கேட்டார். சொல்லிடறேன். எனக்கு நடந்தது சிசேரியன், அதுவும் தனியார்ல. பதினாறு மணி நேரம் வலி தாங்கி, குழந்தையோட இதயத்துடிப்பு இறங்க ஆரம்பிச்ச பிறகு. பார்க்க வந்தவங்கள்ல ஒரு பெரியம்மா கட்டில் பக்கத்துல நின்னே, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு வலி தாங்குற தெம்பு ஏது, கத்தியை வெச்சுக்கிட்டு வந்துடறாங்க"ன்னாங்க. தையல் வலியில திரும்பிக்கூடப் படுக்க முடியாம அதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். பன்னிரண்டு வருஷம் ஆச்சு. "கத்தி நிச்சயம்"னு அந்தப் படத்துல பார்த்ததும் அந்தக் குரல்தான் கேட்டுச்சு. நீங்க டாக்டரைத் திட்டுறதா நினைச்சு எழுதுறீங்க, அது வந்து விழுறது எங்க மேல.

நேத்து ராத்திரி எங்க பெரியப்பா மகளோட பொண்ணு அதே படத்தை வாட்ஸாப்ல அனுப்பியிருந்தா. அவளுக்கு ஏழாம் மாசம், காட்டிக்கிட்டிருக்கிறது தனியார்ல. "சித்தி, நூறுல அறுபத்து நாலுன்னா எனக்கும் பண்ணிடுவாங்கல்ல?"ன்னு கேட்டிருந்தா. இது முதல் குழந்தை, தலை இறங்கித்தான் இருக்கு, பி.பி., சுகர் எதுவும் இல்ல. அந்த எண்ணுக்குள்ள இருக்கிறவங்க எல்லாரும் உன்னை மாதிரி இல்லடி, உன் டாக்டர்கிட்ட உன் ரிப்போர்ட்டை வெச்சுக் கேளுன்னு பதினொண்ணேகால் மணிக்கு உட்கார்ந்து டைப் பண்ணினேன். "சரி சித்தி"ன்னு ஒரு வரி வந்துச்சு. அதுக்கப்புறம் ரொம்ப நேரம் ஆன்லைன்லயேதான் இருந்தா.

படம் இன்னும் அப்படியேதான் இருக்கு. என் கமென்டை மட்டும் எடுத்துட்டாங்க.