ஓர் இரவில் ஏறிய கிலோ

"கல்யாண விருந்து சாப்பிட்டேன், காலையில் ஒரு கிலோ கூடிவிட்டது. அத்தனையும் கொழுப்பு, இரண்டு நாள் பட்டினி கிடந்தால் போய்விடும்."

இல்லை அண்ணா. ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உண்டிருக்க வேண்டும். ஒரு பந்தியில் அது நடக்காது. விருந்தில் சேர்ந்த உப்பு உடலில் நீரைத் தேக்குவதுதான் காரணம் என்று சொல்வது பாதி சரி. சோற்றின் மாவுச்சத்தும் தசையில் தங்கும்போது ஏறக்குறைய மூன்று மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். பட்டினியில் முதலில் இறங்குவதும் அந்த நீரே.

பெருந்துறையில் ஒரு சீருக்குப் போய் வந்த மறுநாள் நான் 68.2லிருந்து 69.4 ஆனேன், மூன்றாம் நாள் 68.3. தினமும் காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில் பார்த்த ஏழு எண்களின் சராசரி 68.4, முந்தைய வாரம் 68.6. உண்மையில் எடை இறங்கியிருந்தது!

கால் வீக்கம் வேறு விஷயம். வீக்கத்தோடு எடை நாளுக்கு நாள் ஏறினால் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.