சூரிய நமஸ்காரமும் பதஞ்சலியும்

"ஏற்காட்டு யோகா முகாமில் 108 சுற்று சூரிய நமஸ்காரம், பதஞ்சலி 5000 வருஷத்துக்கு முன்னாடி வகுத்த முறைன்னு சேலம் குரூப்பில் வருதே, நிஜமா?"

இல்லை. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் ஆசனத்துக்கு இருப்பதே மூன்று சூத்திரம்தான், அதுவும் தியானத்துக்காக அசையாமல், சுகமாக உட்காருவதைப் பற்றியது. 15ஆம் நூற்றாண்டின் ஹடயோக பிரதீபிகை விவரிக்கும் 15 ஆசனங்களிலும் இந்த வரிசை கிடையாது.

சூரியனை விழுந்து கும்பிடுவது பழசுதான், சரி, ஆனால் அதைத் தினசரி உடற்பயிற்சியாக 1920களில் பரப்பியவர் மகாராஷ்டிரத்தின் அவுந்த் சமஸ்தான ராஜா பவன்ராவ் பந்த் பிரதிநிதி. அப்புறம் 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியா கற்றுக்கொடுத்த, ஆசனங்களை மூச்சோடு கோக்கும் பாணி அவருடைய சீடர்கள் வழியாக வெளிநாடு போய், இன்று பேக்கேஜாக ஏற்காட்டு ரிசார்ட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பிரதீபிகைக்கு 19ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய பிரம்மானந்தர், சூரிய நமஸ்காரத்தை அளவுக்கு மீறிச் செய்வதை, பாரம் தூக்குவதோடு சேர்த்து, உடலை வருத்தும் செயல் என்று யோகிகளுக்கு விலக்கியே வைக்கிறார். நல்ல உடற்பயிற்சி என்று சொல்லி விற்கட்டும், யாரும் கேட்கப்போவதில்லை. மரபு என்று சொல்லி மூட்டுவலிக்காரரையும் 108 சுற்று செய்ய வைப்பது தப்பு.