துவைக்கிற கல் ஒரு மூலையில், தண்ணீர் போகிற துளை இன்னொரு மூலையில்

நாகர்கோவிலில் நான் வாடகைக்கு இருக்கும் மாடி வீட்டின் குளியலறையைக் கட்டியவர் யாராக இருந்தாலும் சரி, அந்த ஆள் வாழ்க்கையில் ஒரு கைலியைக்கூடத் துவைத்திருக்க மாட்டார். துவைத்திருந்தால் துவைக்கும் திண்டைக் கடைசி மூலையில் வைத்துவிட்டு, தண்ணீர் போகிற ட்ராப்பைக் கதவுக்குப் பின்னால் வைத்திருப்பாரா?

ஏழு அடி நீளம், ஐந்து அடி அகலம். உள்ளே நுழைந்தவுடன் கதவு மறைக்கும் மூலையில் ட்ராப். நேர் எதிரே வலது கோடியில் திண்டு. அலசிக் கொட்டுகிற சோப்புத் தண்ணீர் முழுக்க என் பாதத்தை நனைத்து, கிளாசெட்டைச் சுற்றிக்கொண்டு, ஏழு அடியும் ஊர்ந்து வாசலுக்கு வர வேண்டும். வருகிற வழியில் பாதி தேங்கிவிடும். மீதி வாசற்படியைத் தாண்டி மிதியடிக்குப் போகும். துவைத்து முடித்து நிமிர்ந்தால் தரை முழுக்க நுரை, அதன்மேல் வழுக்கும் பளபள டைல். அறுபது வயது தாண்டிய அம்மா அந்தத் தரையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது.

ஏன் அங்கே வைத்தார்கள் என்று விசாரித்தேன். கழிவுநீர் இறங்கும் குழாய் அந்தப் பக்கத்து வெளிச்சுவரில் இருக்கிறதாம். ட்ராப்பைப் பக்கத்திலேயே வைத்தால் சில அடி குழாய் மிச்சமாம். ஒரு குழாய்த்துண்டின் விலைக்காக அந்த வீட்டில் குடியிருக்கப் போகிற எல்லாப் பெண்களும் ஆயுசுக்கும் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ள வேண்டும். இதில் என்ன மிச்சம்?

சரி, ட்ராப்தான் தூரத்தில் இருக்கிறது, தரைக்கு வாட்டமாவது ஒழுங்காக இருக்கிறதா? அதுவும் இல்லை. குளிக்கிற, துவைக்கிற தரைக்கு ஐந்து அடிக்கு ஓர் அங்குலமாவது இறக்கம் வேண்டும். ஏழு அடி தள்ளி ட்ராப் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் இறங்க வேண்டும். இங்கே ரெண்டுக்கு ரெண்டு பெரிய டைலைப் போட்டிருக்கிறார்கள். நாலு பக்கத்திலிருந்தும் ஒரு துளையை நோக்கிச் சரிய வேண்டிய தரையில் அவ்வளவு பெரிய டைல் எப்படி வளையும்? மூலைவாட்டில் வெட்டி ஒட்ட வேண்டும், அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. தட்டையாகப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஒரு அடி டைல், அதுவும் சொரசொரப்பானது போட்டிருந்தால் வாட்டமும் வந்திருக்கும், காலும் வழுக்காது. டைல் ஒட்டும் முன் அடித்தளக் கலவையின் மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தாலே தெரிந்திருக்கும். ட்ராப்புக்குப் போகாமல் எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்தில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிற்கும். இதைப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகுமா?

அப்புறம் அந்தத் திண்டு. உயரம் ஒன்றரை அடி. நின்று துவைத்தால் முதுகு இரண்டாக மடிய வேண்டும். உட்கார்ந்து துவைத்தால் முட்டி இடிக்கும், கை தோளுக்கு வரும். இரண்டுக்கும் உதவாத உயரத்தை எங்கிருந்து பிடித்தார்கள் என்று தெரியவில்லை. துணியை அழுத்தித் தேய்க்கிற வேலைக்குக் கல் முழங்கைக்கு அரை அடி கீழே இருக்க வேண்டும். ஐந்து அடி உயரமுள்ள பெண்ணுக்கு அது இரண்டரை அடி. முக்காலி போட்டு உட்கார்ந்து துவைப்பவர்களுக்கு அரை அடியிலிருந்து முக்கால் அடி போதும். ஒன்றரை அடி யாருக்கு?

மேல்பரப்பும் அப்படித்தான். தட்டையாக, மேலே டைல். டைல் இடுக்குகளில் சோப்பு அடைந்து கறுத்துவிட்டது, காலர் தேய்த்தால் பிடிமானமே இல்லை. மட்டமாக இருப்பதால் தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் என் வயிற்றுப் பக்கம்தான் வழிகிறது. துவைத்து முடிப்பதற்குள் நைட்டி முழுக்க நனைந்துவிடும். நம் ஊர் வீடுகளின் பின்புறம் கிணற்றடியில் கிடக்கும் அலக்குக் கல்லைப் பாருங்கள். துவைப்பவர் பக்கம் உயர்ந்து, எதிர்ப்பக்கம் தாழ்ந்திருக்கும். அழுக்குத் தண்ணீர் நம்மை விட்டு விலகி, நேராகத் தென்னை மூட்டுக்கோ வாழைக்கோ போய்விடும். குளத்துப் படித்துறையிலும் தண்ணீரைப் பார்த்துத்தான் கல் சரிந்திருக்கும். குளமும் கால்வாயும் நிறைந்த இந்த மாவட்டத்தில், எந்தப் படிப்பும் இல்லாமல் கல் போட்டவர்களுக்குத் தெரிந்தது, பிளான் வரைந்து கட்டுகிறவர்களுக்குத் தெரியவில்லை.

இந்தக் கோபத்தில்தான் தம்பி குலசேகரத்தில் வீடு கட்டியபோது குளியலறை வேலைக்கு நானே போய் நின்றேன். கொத்தனார் முதலில் சிரித்தார். "டிராப்பு எங்க இருந்தா என்ன பிள்ளே, தண்ணி போனா போதும்லா?" என்றார். "போவாதுண்ணே. நான் தினமும் தள்ளிட்டு இருக்கேன்" என்றேன். அதன்பிறகு மனிதர் காது கொடுத்துக் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும்.

கல்லை வெளிச்சுவரை ஒட்டி, ஜன்னலுக்குக் கீழே வைத்தோம். மூன்று அடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம், உயரம் இரண்டரை அடி. வெறும் கிரானைட் பலகை போட்டால் போர்வையை அடித்துத் துவைக்கும்போது என்றைக்காவது விரிசல் விட்டுவிடும் என்பதால், அடியில் கம்பி கட்டி மூன்று அங்குலக் கான்கிரீட் போட்டு, அதன்மேல் பாலிஷ் போடாத கிரானைட் ஒட்டினார். சுவர்ப்பக்கம் அரை அங்குலம் தாழ்வு, இடதுபக்கமும் லேசாகத் தாழ்வு. கல்லும் சுவரும் சேரும் இணைப்பை நீர் இறங்காதபடி நன்றாக அடைத்தார். சுவரோரம் வந்த தண்ணீர் இடதுகோடிக்கு ஓடும். அந்தக் கோடியில் கல்லுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. தண்ணீர் அங்கே கீழே விழும், விழுகிற இடத்திலேயே ட்ராப். தரையில் ஓடவே வேண்டியதில்லை. முன்விளிம்பின் அடியில் ஒரு கோடு கீறச் சொன்னேன். அந்தக் கோடு இல்லாவிட்டால் நீர் கல்லின் அடிப்பக்கமாக ஊர்ந்து தாங்குசுவரை நனைத்துக்கொண்டே இருக்கும். கோடு இருந்தால் அங்கேயே சொட்டி விழுந்துவிடும். கல்லுக்கு அடியில் அடைக்காமல் திறந்தே விட்டோம். வாளி உள்ளே போகும், நிற்கிறவரின் கால்விரலுக்கும் இடம் இருக்கும்.

ட்ராப்பைக் கல்லுக்கு அடியில் ஒளித்துக் கட்டிவிட வேண்டாம் என்பதில் மட்டும் நான் சண்டையே போட்டேன். கை எட்ட வேண்டும். துவைக்கிற துளைக்கு வருவது வெறும் தண்ணீர் இல்லை. நூல், பஞ்சு, முடி, சட்டைப் பையில் மறந்த காகிதம் எல்லாம் வரும். ஜாலியைத் தூக்கி, உள்ளே இருக்கும் கப்பை எடுத்து வாரம் ஒரு தடவை கழுவ வேண்டும். எங்கள் வாடகை வீட்டில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் தண்ணீர் போகவில்லை என்று அந்தக் கப்பையே கழற்றி எறிந்திருக்கிறார்கள். அது தண்ணீரைத் தேக்கி வைத்து, குழாயின் நாற்றம் மேலே வராமல் தடுக்கிற பொருள். அதை எடுத்தால் தண்ணீர் வேகமாகப் போகும், கூடவே நாற்றமும் கரப்பானும் வரும். அந்த அளவுக்கான கப்பை நான் கடைகடையாகத் தேடி வாங்கிப் போட்டேன்.

துவைத்தாகிவிட்டது, எங்கே காயப்போடுவது? இந்த மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு. வைகாசி நடுவே எடவப்பாதியில் தொடங்கினால் ஆடிவரை சாரல், பிறகு ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. மழைக்காகத் தனியாக ஒரு ஏற்பாடு இல்லாத வீட்டை எப்படி முழு வீடு என்று சொல்வது? மொட்டை மாடியில் கொடி கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்கிறார்கள். கையால் முறுக்கிப் பிழிந்த பருத்தித் துணியில் அதன் எடை அளவுக்குத் தண்ணீர் இன்னும் இருக்கத்தான் செய்யும். அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறுவது யார்? ஏறிய கால் மணி நேரத்தில் மேகம் கறுத்தால் மறுபடி ஓடுவது யார்?

தம்பி வீட்டில் அலக்குக் கல்லுக்கு நேர் மேலே, ஆறடி உயரத்தில், சுவருக்குச் சுவர் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வைத்தோம். துவைத்த துணி முதலில் அங்கே தொங்கும். சொட்டுகிற தண்ணீர் கல்லில் விழுந்து ட்ராப்புக்குப் போகும். அரை மணி நேரத்தில் எடை பாதி குறைந்த மாதிரி இருக்கும், அதன்பிறகு எடுத்துப் போனால் கூடமெல்லாம் ஈரமாகாது. குளியலறையிலேயே கடைசிவரை காயட்டும் என்று விடக் கூடாது. ஒரே ஒரு வென்டிலேட்டர் உள்ள அறையில் காற்று உள்ளே வந்து வெளியே போக வழியில்லை. ஒரு பகல் ஓர் இரவு ஈரமாகவே கிடந்தால் துணியில் கிருமி பெருகி ஒரு புளித்த வாடை பிடிக்கும். அது எந்த சென்ட்டுக்கும் அடங்காது, திரும்பத் துவைக்க வேண்டியதுதான்.

மாடியில் ஒரு பக்கம் ஷீட் போட்டு, பக்கவாட்டை அடைக்காமல் விட்டோம். துணி காய்வதற்கு வெயிலைவிடக் காற்றுதான் முக்கியம். துணிக்குத் துணி ஒரு கையகலம் இடைவெளி, கைலியை மடிக்காமல் ஒற்றையாக, ஜீன்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி இடுப்பு விரிந்திருக்கும்படி. இப்படிப் போட்டால் சாரல் நாளிலும் மெல்லிய துணி மாலைக்குள் உலர்ந்துவிடுகிறது. கொடிக்கு இரும்புக் கம்பி மட்டும் வேண்டாம். குளச்சல், கொல்லங்கோடு பக்கம் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து வெள்ளை வேட்டியில் பழுப்புக் கோடு விழும், அது லேசில் போகாது.

இதெல்லாம் பெரிய செலவு இல்லை. ஆனால் கான்கிரீட் போடும் முன், குழாய்க்குத் துளை விடும் முன் சொல்ல வேண்டும். மாடி வீட்டில் பின்னால் ட்ராப்பை இடம் மாற்றுவதென்றால் தரையை உடைத்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சையும் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்கு எந்த வீட்டுக்காரரும் வர மாட்டார்.

எங்கள் வாடகை வீட்டு ஓனர் வேறு மாதிரி. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிகிறதாம், நாங்கள் "ரொம்பத் துவைக்கோம்" என்கிறார். தண்ணீர் போக வாட்டமில்லாமல் நாள் முழுக்கத் தேங்கினால் இணைப்புகள் வழியாகக் கீழே இறங்காமல் எங்கே போகும்? சரி, தரையைத் தொட வேண்டாம், குளியலறையில் ஒரு கம்பி மாட்ட இரண்டு துளை மட்டும் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டேன். சுவர் பாழாகிவிடும் என்கிறார். மொட்டை மாடிக் கதவையும் பூட்டி வைத்திருக்கிறார். அப்படியென்றால் இந்த ஐப்பசி முழுக்க ஈரத்துணி படுக்கையறையில்தான் தொங்கும், அவருடைய சுவர்தான் பூஞ்சை பூத்துப் பெயின்ட் உரியும் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.