பேராசை இல்லாமலும் கடல் காலியாகும்

"பினாங்கில் மீன் குறைந்ததற்கு மீனவர்களின் பேராசைதான் காரணம். பொதுக் கடல் என்றாலே அழிவுதான், தனியாரிடம் கொடுங்கள்." இப்படி ஒருவர் சொன்னதற்குத்தான் இந்தப் பதில்.

பேராசையே தேவையில்லைங்க. பத்துப் படகுகள் தலைக்கு 50 கிலோ பிடிக்கிற இடத்துக்குப் பதினோராவது படகு வந்து, ஆளுக்கு 45 கிலோ ஆகிறது என்று வையுங்கள். மொத்தம் 500 கிலோ 495 ஆகிவிட்டது. ஆனாலும் வந்தவருக்கு 45 கிலோ வரவு. நட்டம் மற்ற பத்துப் பேர் தலையில். பன்னிரண்டாவது ஆளும் இதே கணக்கைத்தான் போடுவார்.

தனியாரிடம் கொடுப்பது ஒன்றே வழியில்லை. துருக்கியின் அலன்யாவில் மீனவர்களே செப்டம்பரில் சீட்டுப் போட்டு இடம் பிரித்தார்கள், ஜனவரி வரை தினமும் ஓர் இடம் கிழக்கே நகர்ந்தார்கள். அடுத்தவர் இடத்தில் வலை போட்டால், அன்றைய உரிமைக்காரரே வந்து கேட்பார். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஓஸ்ட்ரம் இதை விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே மீனவர்கள் சுமார் நூறு பேர்தான் இருந்தார்கள், ஒருவரையொருவர் தெரியும். அதையும் சொல்லியாக வேண்டும்.

'இதற்குச் சட்டம் இருக்கிறதே' என்று இன்னொருவர் சொன்னது பாதி சரி. கரையோரத்தில் இழுவலைக்குத் தடை உண்டு, ஆனால் இரவில் உள்ளே வரும் படகை யார் பார்ப்பது? பினாங்கின் தெலுக் கும்பாரைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் சொன்ன, கடலை மண் போட்டு மேடாக்கும் வேலை வேறு விவகாரம். அங்கே இறால் குறைந்ததில் மீன்பிடிப்பின் பங்கு எவ்வளவு, மண் போட்டதன் பங்கு எவ்வளவு என்று பிடிப்புக் கணக்கை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது.