கூகுள் மேப்பில் கடைப் பெயருடன் ஊரைச் சேர்க்கலாமா?

"கூகுள் மேப்பில் கடைப் பெயரோடு ஊர்ப் பெயரையும் விற்கும் பொருளையும் சேர்த்துப் போட்டால் நம் கடைதான் முதலில் வருமாம்!"

தவறு. சில நாள் மேலே வரக்கூடும். அதனால்தான் பலரும் நம்புகிறார்கள். ஆனால் பெயர்ப்பலகையில் உள்ள பெயர் மட்டுமே இருக்க வேண்டும் என்பது கூகுள் விதி. பலகையில் 'முருகன் ஸ்டோர்ஸ்' என்றிருக்க, 'முருகன் ஸ்டோர்ஸ் பெஸ்ட் மளிகை பாளையங்கோட்டை' என்று போட்டால், யார் வேண்டுமானாலும் திருத்தம் பரிந்துரைக்கலாம். பதிவே முடக்கப்படவும் வாய்ப்புண்டு. முடங்கினால் கடை மேப்பிலிருந்தே மறைந்துவிடலாம்.

பாளையங்கோட்டை என்பதை முகவரி சொல்லும், மளிகை என்பதை வகைப் பிரிவு சொல்லும். தெரு, பக்கத்துப் பேருந்து நிறுத்தம் போன்றவற்றைக் கடையின் சொந்த வலைப்பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம், விமர்சனத்துக்குத் தள்ளுபடி தராதீர்கள்; அதுவும் விதிமீறல். பில் கொடுக்கும்போது வாயால் கேட்டாலே போதும்.